கோபாலபுரத்து வகுப்பும் ஆசிரியர் குறிப்பும்

கேள்வி: கல்வி மேலாண்மை வகுப்பில் தரப்படும் நிகழ்வு ஆய்வுக்கு ஆசிரியர் குறிப்பு எப்படி அமைய வேண்டும்?

பதில்: ஆசிரியர் குறிப்பு என்பது மாணவரிடம் தரப்படாமல், விவாதத்தை நடத்துபவர் மட்டுமே வைத்திருக்கும் வழிகாட்டியாகும். கோபாலபுரம் போன்ற பாலக்காட்டு எல்லைப் பகுதியில், தொடக்கப் பள்ளியொன்றின் தமிழ்வழிப் பிரிவில் மொத்தம் 43 குழந்தைகளும், அவர்களுள் முதல் வகுப்பில் 9 பேரும் இருப்பதாகக் கற்பனையாகக் கொள்ளலாம். மாகாணக் கல்வி அமைச்சர்களின் 1949 மாநாடு, தாய்மொழிவழிக் கல்வியை வேண்டுவோர் பள்ளியில் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால் ஆசிரியர் நியமிக்கப்பட வேண்டும் என்றது.

முதல் வினா, தலைமையாசிரியர் தமிழாசிரியரைக் கோரலாமா என்பது. 9 என்ற எண்ணைக் கண்டதும் முடியாது என்போர், இரு நிபந்தனைகளுள் ஒன்றே போதும் என்பதைத் தவறவிட்டவர்கள். மொத்தம் 38 ஆகவும் முதல் வகுப்பு 11 ஆகவும் மாறினால் என்னாகும் என்பது இரண்டாம் வினா. இதிலும் உரிமை நிற்கும்.

மூன்றாவதே கடினமானது: மொத்தம் 38, எந்த வகுப்பிலும் 10 இல்லை எனில் என்ன செய்வது? 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலம் முயல வேண்டும் என்கிறதேயன்றி எண் எதையும் கூறவில்லை. ஆகவே வகுப்புகளை இணைத்துக் கற்பிப்பதா, அருகிலுள்ள பள்ளியோடு ஆசிரியரைப் பகிர்வதா என்பது நிர்வாக முடிவாகிறது. விவாதம் மொழியுணர்ச்சிப் பேச்சாகி எண்கள் மறைந்தால், விவாதத்தை நடத்துபவர் மாணவர் வருகைப் பதிவேட்டை மீண்டும் முன்வைக்க வேண்டும்.