ஒரே சென்னையில் இரண்டு ஆஷூரா

2025 ஜூலை 5, சனிக்கிழமை. தாவூதி போரா சமூகத்தார் ஆயிரக்கணக்கில் சென்னையில் கூடி ஆஷூரா நாளைத் துக்கத்தோடு அனுசரித்தார்கள். அந்த ஆண்டு முஹர்ரம் சொற்பொழிவுகளுக்கு அவர்களின் தலைவர் சையத்னா முஃபத்தல் சைஃபுத்தீன் சென்னையைத் தேர்ந்தெடுத்திருந்தார். பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் ஜூன் 27 முதல் ஒன்பது நாள் அமர்ந்து கேட்ட அந்த நிகழ்வு, முஹர்ரம் பத்தாம் நாளான அன்றுதான் நிறைவடைந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதே நகரத்தில் மற்ற முஸ்லிம்களுக்கு அன்றுதான் பிறை 10. ஆஷூரா நோன்பு பிடித்தவர்கள் மக்ரிப் பாங்குக்குக் காத்திருந்தார்கள். தமிழ்நாடு அரசின் விடுமுறைப் பட்டியலிலும் முஹர்ரம் என்று இருந்தது ஜூலை 6தான்.

இதைப் பார்க்கும் வெளியாருக்கு, சில வேளை உள்ளிருப்பவர்களுக்கும், ஓர் எண்ணம் எழும்: இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும். உண்மையில் இரண்டும் தத்தம் கணக்கில் சரி. முஹர்ரம் தேதியைப் பற்றி வழங்கிவரும் தவறான நம்பிக்கைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

நம்பிக்கை: அமாவாசை முடிந்தால் பிறை பிறந்துவிடும், அடுத்த நாளே முஹர்ரம் 1.

அமாவாசை என்பது நிலவு சூரியனுக்கும் நமக்கும் இடையே வந்து நிற்கும் கணம். அப்போது அதன் ஒளிபட்ட பக்கம் முழுவதும் நமக்கு எதிர்ப்புறம் இருக்கும். அந்தக் கணம் கழிந்ததும் நிலவு மணிக்கு ஏறக்குறைய அரை பாகை வீதம் சூரியனை விட்டு விலகத் தொடங்குகிறது. போதிய அளவு விலகினால்தான் அதன் ஓரத்தில் ஒளிக்கீற்று தெரியும். சூரியன் மறைந்த பிறகும் அது வானத்தில் தங்கியிருக்கும். பதினைந்து மணி நேரத்துக்கும் குறைந்த வயதுள்ள பிறையை வெறும் கண்ணால் கண்டதாக நம்பத்தக்க பதிவுகள் மிக அரிது. தமிழ் வழக்கில் 'மூன்றாம் பிறை' என்ற சொல் நிலைத்திருப்பதற்கும் காரணம் இதுதான். அமாவாசையை ஒன்றாக எண்ணினால் கண்ணுக்குத் தெரியும் பிறை பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குரியது.

2025ஐயே எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 25 அன்று இந்திய நேரப்படி மாலை 4.01க்கு அமாவாசைக் கணம். சென்னையில் சூரியன் மறைந்தது 6.38 வாக்கில். அப்போது பிறைக்கு வயது இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். எத்தனை கூர்மையான கண்ணுக்கும் எந்தத் தொலைநோக்கிக்கும் அது மாலை வானில் சிக்காது. மறுநாள் 26ஆம் தேதி மாலையில் வயது இருபத்தாறரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. மேகம் மறைக்காத இடங்களில் பார்ப்பது சிரமமில்லை. அந்த மாலையிலிருந்தே முஹர்ரம் தொடங்க, பகல் கணக்கில் ஜூன் 27 பிறை 1 ஆயிற்று. ஜூலை 6 பிறை 10 ஆயிற்று.

இப்போது மக்காவுக்குப் போவோம். சவூதி அரேபியாவின் அரசு நாட்காட்டியான உம்முல் குரா கண்ணால் பார்ப்பதை அடிப்படையாகக் கொள்வதில்லை. மக்காவில் சூரியன் மறைவதற்குள் அமாவாசைக் கணம் முடிந்திருக்க வேண்டும்; சூரியனுக்குப் பிறகே நிலவு மறைய வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால் மறுநாள் மாதத்தின் முதல் நாள். ஜூன் 25 மாலை மக்காவில் இரண்டும் நிறைவேறின. எனவே அந்த நாட்காட்டியில் ஜூன் 26 முஹர்ரம் 1, ஜூலை 5 ஆஷூரா. பலருடைய கைப்பேசியில் ஹிஜ்ரி தேதி ஒரு நாள் முந்திக் காட்டுவது இதனால்தான். பல செயலிகள் தொடக்க அமைப்பில் உம்முல் குராவையே வைத்திருக்கின்றன. கைப்பேசி பழுதில்லை, அது வேறு ஊரின் நாளைச் சொல்கிறது.

போராக்களின் வழி மூன்றாவது. அவர்கள் பாத்திமி காலத்து மரபுப்படி நிலையான அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள். ஒற்றைப்படை மாதங்களுக்கு 30 நாள், இரட்டைப்படை மாதங்களுக்கு 29 நாள். முப்பது ஆண்டுச் சுற்றில் பதினோரு ஆண்டுகளுக்கு மட்டும் கடைசி மாதத்தில் ஒரு நாள் கூடும். இதில் முஹர்ரம் எப்போதும் 30 நாள்தான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய ஆஷூராவையும் இன்றே குறித்துவைக்கலாம். வானத்துப் பிறையோடு இது சராசரியில் ஒத்துப்போகும். ஆனால் குறிப்பிட்ட ஒரு மாதத்தில் ஓரிரு நாள் முன்னே நிற்கக்கூடும். சென்னையின் இரண்டு ஆஷூராக்களுக்கு விளக்கம் இவ்வளவுதான்: ஒன்று அட்டவணையின் பத்தாம் நாள், மற்றது கண்ட பிறையின் பத்தாம் நாள்.

நம்பிக்கை: "பிறை இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, நேற்றே பிறந்திருக்கும். பள்ளிவாசலில் ஒரு நாளைத் தவறவிட்டுவிட்டார்கள்."

ஒவ்வொரு ஆண்டும் மொட்டைமாடியில் கேட்கிற பேச்சு இது. கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் மேலே சொன்ன 2025 கணக்கே பதில். முதல் மாலையில் இரண்டரை மணி நேர வயதில் தெரியாமல் போன பிறை, அடுத்த மாலையில் ஒரு நாள் வளர்ந்து வந்து நிற்கும். அது தடித்துத்தான் இருக்கும். அப்படி இருப்பதால் முந்தைய நாள் தெரிந்திருக்கும் என்று ஆகாது.

இந்தச் சந்தேகம் மிகப் பழையது. ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. உம்ராவுக்குப் புறப்பட்ட ஒரு கூட்டம் பத்ன் நக்லா என்ற இடத்தில் பிறையைப் பார்த்தது. அது மூன்றாம் இரவுப் பிறை என்றனர் சிலர், இரண்டாம் இரவுப் பிறை என்றனர் சிலர். அவர்கள் இப்னு அப்பாஸ் அவர்களிடம் கேட்டபோது, எந்த இரவில் பார்த்தீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். பார்த்த இரவே அதற்குரிய இரவு என்று விளக்கினார். பிறையின் பருமனை வைத்துத் தேதியைத் திருத்தும் வழக்கத்துக்கு அன்றே இடமில்லாமல் போயிற்று.

அதே தொகுப்பில் குரைப் என்பவரின் செய்தியும் உண்டு. சிரியாவில் வெள்ளி இரவு ரமலான் பிறையைப் பார்த்த அவர் மதீனா வந்தபோது, அங்கே சனி இரவுதான் பார்த்திருந்தார்கள். சிரியாவின் பிறையை ஏற்காமல் தாங்கள் கண்ட பிறையிலேயே நின்றார் இப்னு அப்பாஸ். தத்தம் பகுதிப் பிறையைப் பின்பற்றுவோர் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். உலகில் எங்கு கண்டாலும் போதும் என்போர் வேறு ஹதீஸ்களை முன்வைக்கிறார்கள். கருத்து வேறுபாடு அறிஞர்களுக்கிடையே உள்ளது. அதை நேர்மைக்குறைவு என்று ஏசுவது பெரும் அநியாயம்.

நம்பிக்கை: முஹர்ரம் விடுமுறை என்பது இஸ்லாமியப் புத்தாண்டு விடுமுறை.

இந்தியாவில் அப்படி இல்லை. புத்தாண்டு பிறை 1. விடுமுறை பிறை 10. 2025இல் ஜூன் 27 புத்தாண்டு நாளாக வந்து போனது, அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்கின. மலேசியத் தமிழர்களுக்கு இது தலைகீழ்: அங்கே 'அவால் முஹர்ரம்' என்ற பெயரில் பிறை 1க்குத்தான் விடுமுறை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பத்தாம் நாளில் புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஷியா முஸ்லிம்களுக்கு அது இமாம் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள். அன்று கறுப்புடை அணிந்து நிற்பவருக்கு வாழ்த்துச் சொல்வது மனத்தைப் புண்படுத்தும்.

அந்த ஜூலையில் திங்கட்கிழமையும் விடுமுறை என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது; அரசு மறுத்தது. அரசுப் பட்டியல் முந்தைய ஆண்டே அச்சாகிவிடுவதால் அதில் உள்ள தேதி ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே. ஜூன் 26 மாலை பிறை எங்கும் தென்படாமல் போயிருந்தால் ஆஷூரா 7ஆம் தேதிக்கு நகர்ந்திருக்கும் என்பது மெய். ஆனால் தென்பட்ட பிறகு, ஜூன் இறுதியிலேயே, அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. ரமலான், ஷவ்வால் பிறைகளைப் போல் கடைசி இரவு வரை தவிக்க வேண்டியதில்லை. ஆஷூராவுக்கு ஒன்பது நாள் அவகாசம் இருக்கிறது.

நம்பிக்கை: ஆஷூரா நோன்பு கர்பலாவின் நினைவுக்காக வந்தது.

கர்பலா ஹிஜ்ரி 61, அதாவது கி.பி. 680. நோன்போ நபிகள் நாயகத்தின் காலத்திலேயே இருந்தது. மூஸா நபி காப்பாற்றப்பட்ட நாளென்று மதீனாவின் யூதர்கள் நோற்றதையும், நபியவர்கள் தாமும் நோற்று மக்களையும் நோற்கச் சொன்னதையும் ஹதீஸ்கள் சொல்கின்றன. ரமலான் கடமையான பிறகு அது விருப்ப நோன்பாயிற்று. அடுத்த ஆண்டு இருந்தால் ஒன்பதாம் நாளும் நோற்பேன் என்றார்கள். அந்த முஹர்ரம் வருமுன் மறைந்தார்கள். சுன்னி முஸ்லிம்கள் 9, 10 இரண்டு நாளும் நோற்பது அதனால்தான். ஷியாக்கள் பெரும்பாலும் ஆஷூராவில் நோன்பு நோற்பதில்லை. துக்கத்துக்காகப் பிற்பகல் வரை உண்ணாமலும் பருகாமலும் இருப்பார்கள்.

தேதி குறிப்பதில் இங்கேதான் பலர் ஓர் இரவைத் தவறவிடுகிறார்கள். இஸ்லாமிய நாள் மக்ரிபில் தொடங்குகிறது. ஜூலை 6 ஆஷூரா என்றால் ஆஷூரா இரவு சனிக்கிழமை 5ஆம் தேதி இரவு. ஞாயிறு இரவு அல்ல. நோன்புக்கு ஜூலை 5, 6 ஆகிய இரு பகல்கள். மாதத் தொடக்கத்தில் ஐயம் இருந்தால் மூன்று நாள் நோற்றுக்கொள்ளலாம் என்பது இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சொன்ன வழி.

இதே முறையை 2026க்கும் பொருத்திப் பார்க்கலாம். ஜூன் 15 காலை 8.24க்கு அமாவாசைக் கணம். அன்று மாலை சென்னையில் பிறைக்கு வயது பத்து மணி நேரம்தான், கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் மாலை தெரியும். ஆகவே இங்கே ஜூன் 17 பிறை 1, ஜூன் 26 வெள்ளிக்கிழமை ஆஷூரா. உம்முல் குராவில் ஒரு நாள் முன்னதாக, ஜூன் 25.