பார்வை கூடியது எதனால்?

லிட்டில் இந்தியாவில் இருந்தபடி நீங்கள் ஒரு சமையல் யூடியூப் ஒளிவழி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். தீபாவளி நெருங்குகிறது. சிராங்கூன் சாலையில் ஒளியலங்காரம் ஏற்றியாகிவிட்டது. இந்த வாரம் முறுக்குக் காணொளிக்குப் புதிய முகப்புப் படம் போட்டீர்கள், தலைப்பை மாற்றினீர்கள், காலைக்குப் பதில் இரவு எட்டு மணிக்கு வெளியிட்டீர்கள். வழக்கமாக முதல் வாரத்தில் 400 பார்வை கிடைக்கும், இம்முறை 800. முகப்புப் படம் செய்து தந்தவருக்கு மாதச் சம்பளம் பேசலாமா என்று யோசிக்கிறீர்கள். சற்றுப் பொறுங்கள்.

முதலில் 800 எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள். காணொளியின் படம் யூடியூப்பில் எத்தனை முறை கண்ணில் பட்டது, பட்டவர்களில் எத்தனை விழுக்காட்டினர் சொடுக்கினர் என்ற இரண்டையும் யூடியூப் ஸ்டூடியோ காட்டும். முன்பு 10,000 முறை காட்டப்பட்டு, 4 விழுக்காட்டினர் சொடுக்கினர். இப்போது 20,000 முறை; சொடுக்கியவர்கள் அதே 4 விழுக்காடுதான். முகப்புப் படம் ஈர்த்திருந்தால் முதலில் உயர வேண்டியது இந்த விழுக்காடு. அது உயரவில்லை. ஆனாலும் படத்தை உடனே ஒதுக்கிவிடவும் முடியாது. புதியவர்களுக்குக் காட்டும்போது சொடுக்கும் விகிதம் பெரும்பாலும் இறங்கும். நல்ல படம் அந்த இறக்கத்தைத் தடுத்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பழைய காணொளிகள் கைகொடுக்கின்றன. சென்ற ஆண்டு போட்ட அதிரசம், மிக்சர் காணொளிகளில் நீங்கள் கை வைக்கவே இல்லை. அவற்றின் வாரப் பார்வையும் 300இலிருந்து 570 ஆகியிருக்கிறது, அதாவது 1.9 மடங்கு. எதையும் மாற்றாமலே இவ்வளவு உயர்வு என்றால், அது பண்டிகைத் தேடலின் வேலை. அதே மடங்கில் பெருக்கினால், முறுக்குக் காணொளிக்கு எந்த மாற்றமும் இல்லாமலே 400 × 1.9 = 760 வந்திருக்கும். உங்கள் மூன்று மாற்றங்களுக்கும் சேர்த்து மிஞ்சுவது 40 பார்வை. வாரத்துக்கு வாரம் தானாக ஏறி இறங்கும் அளவே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பிடும் காணொளிகளும் அதே பண்டிகைத் தேவையைச் சார்ந்திருக்க வேண்டும். மீன் குழம்புக் காணொளியோடு ஒப்பிட்டால், தீபாவளியால் வந்த உயர்வு முழுவதும் உங்கள் மாற்றத்தால் வந்ததுபோலத் தோன்றும்.

மூன்று மாற்றங்களில் எது உதவியது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. மூன்றும் ஒரே நாளில் நுழைந்துவிட்டன. பின்னால் பிரிக்க வழியில்லை. அடுத்த காணொளியில் முகப்புப் படத்தை மட்டும் சோதியுங்கள். யூடியூப்பின் ஒப்பீட்டுச் சோதனை வசதியில் மூன்று படங்கள் வரை கொடுக்கலாம். ஒரே காலத்தில் வெவ்வேறு பார்வையாளர்களுக்கு வெவ்வேறு படத்தைக் காட்டி, எதற்கு அதிகப் பார்வை நேரம் கிடைத்தது என்று அது சொல்லும். தீபாவளி எல்லாப் படங்களுக்கும் பொதுவாகிவிடுவதால், வேறுபாடு தெரிந்தால் அது படத்தால் வந்தது. சம்பளப் பேச்சை அந்த முடிவு வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.