டெபிட் நோட்டும் நிலுவைதானா?

கேள்வி: திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். தினமும் அனுப்பும் வசூல் நிலவரம் குழப்புகிறது என்கிறார் மேனேஜர். எப்படி மாற்றி எழுத?

பதில்: தகராறுத் தொகையை நிலுவையோடு சேர்த்திருப்பீர்கள். 1,80,000 ரூபாய் பில்லுக்கு, ஷேடு மாறியதென்று பார்ட்டி 30,000க்கு டெபிட் நோட் போட்டால், முழு பில்லும் தகராறு ஆகாது. இப்படி எழுதுங்கள்:

“இன்று வரவு: இல்லை. 50,000 செக் வந்தது, இன்னும் பாஸாகவில்லை. நிலுவை 1,50,000. தகராறு 30,000, ஷேடு. டெலிவரி 3ஆம் தேதி, எழுத்தில் ஆட்சேபணை 21ஆம் தேதி. மறுப்புக் கடிதம் அனுப்பலாமா?”

அந்த இரண்டு தேதிகளை விடாதீர்கள். உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனமென்றால், டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காத சரக்கை ஏற்றதாகவே 2006ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. இங்கே பார்ட்டி தாமதித்துவிட்டார். மேனேஜர் தைரியமாகப் பேசலாம்.