கல்யாண நாளுக்கு என்ன எழுதலாம்?

கேள்வி: சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் மெஷின் ஓட்டுகிறேன். மனைவி பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். முன்பு சரம் பின்னினாள், இப்போது கம்பி மத்தாப்பு பெட்டி போடுகிறாள். ஆவணியில் எங்களுக்குக் கல்யாணமாகி 12 வருஷம் நிறைகிறது. வருஷா வருஷம் ரோஜாப்பூப் படம் போட்ட வாழ்த்து ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அவளும் ஒரு கும்பிடு போட்டு அனுப்புவாள். இந்த முறை நானே சொந்தமாக எழுத ஆசைப்பட்டு எழுதியது இது: ‘என் வாழ்வின் ஒளிவிளக்கே, பொறுமையின் சிகரமே, எனக்காக எல்லாவற்றையும் தியாகம் செய்த தெய்வமே, இனிய திருமண நாள் வாழ்த்துகள்.’ படித்துப் பார்த்தால் எனக்கே ஒட்டவில்லை. 2018 தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மூடிக் கிடந்தபோது, என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக எனக்குத் தெரியாமல் வளையலை அடகு வைத்தவள் அவள். சீட்டைப் பிறகு ஒருநாள் அரிசி டின்னுக்குப் பின்னால் பார்த்தேன், பார்த்ததாக இன்றுவரை காட்டிக்கொள்ளவில்லை. காலண்டர் சீசனில் எனக்கு நைட் ஷிப்ட். பகலில் நான் தூங்குவதற்காக கேட் கொண்டியில் துணி சுற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். நல்லவள். அவளுக்கு என்ன எழுதட்டும்?
— வாசகர், நாரணாபுரம்

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய வாழ்த்தை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு எழுத்துகூட மாற்றாமல் தன் மனைவிக்கு அனுப்பலாம். அது ஒட்டாமல் போனதற்கு அதுதான் காரணம். ஒளிவிளக்கும் சிகரமும் யாருக்கும் பொருந்தும். ‘தியாகம்’ என்ற சொல்லில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அவள் பட்ட பாட்டுக்குப் பூமாலை போட்டு, இனியும் அப்படியே இரு என்று சொல்வதுபோல அது காதில் விழலாம். ‘தெய்வமே’ என்றால் அவளால் பதிலே சொல்ல முடியாது, கும்பிடு போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில், அதுவும் கடைசியில் போகிறபோக்கில், நீங்கள் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது. கேட் கொண்டியில் சுற்றிய துணி. எழுத வேண்டியது அதைத்தான்.

புதுமைப்பித்தன் சென்னையில் இருந்துகொண்டு திருவனந்தபுரத்தில் இருந்த மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. தமிழ் உரைநடையை அப்படி வளைத்து எழுதிய மனிதர் மனைவிக்கு எழுதும்போது பணமுடை, உடம்புக்கு எப்படி, எப்போது சேர்ந்து இருக்கப்போகிறோம் என்றுதான் எழுதுகிறார். அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய விஷயங்கள் அவை. அதனால்தான் அந்த வீட்டைப் பார்த்திராத நமக்கும் அவருடைய ஏக்கம் புரிகிறது. அவருக்கே அது போதுமாக இருந்தபோது நீங்கள் அலங்காரத்துக்கு அலைய வேண்டாம்.

எழுதுவதற்கு முன்னால் அந்தத் துணியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் மனதில் ஓட்டிப் பாருங்கள். அது எந்தத் துணி? எப்போது கவனித்தீர்கள்? அது இல்லாதபோது எப்படி இருந்தது? பட்டாசு ஆலைக்குள் நைலான் சேலை ஆகாது, பருத்தி உடுத்தித்தான் போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஒருவேளை அது அவள் வேலைக்குக் கட்டிப்போய்ச் சாயம் போன பழைய சேலையின் கிழிசலாக இருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லுங்கள், வேறு துணி என்றால் அந்தத் துணியைச் சொல்லுங்கள். இதில் ஒரு சின்னத் தவறு இருந்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் நினைவில் இல்லாததை அழகுக்காகச் சேர்க்காதீர்கள்.

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன். விவரங்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

‘நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா நீ கிளம்புறதே எனக்குத் தெரியறதில்ல. அசதியில தூங்குறேன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒருநாள் கேட்டைத் திறக்கும்போதுதான் கொண்டியில துணி சுத்தியிருக்கிறதப் பார்த்தேன். நீ வேலைக்குக் கட்டிட்டுப் போன அந்த நீலச் சேலைக் கிழிசல். காலையில சோறாக்கி, பிள்ளைகளக் கெளப்பி, வேனுக்கு ஓடுற ஓட்டத்துல என் தூக்கத்தையும் நெனச்சிருக்க. இதுவரைக்கும் இதப்பத்தி நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. நான் பார்த்தேன்னு உனக்குத் தெரியணும். அதுக்குத்தான் எழுதுறேன்.’

இவ்வளவு போதும். இதில் அவளைப் புகழ்ந்து ஒரு சொல்கூட இல்லை. அவள் செய்ததும், நீங்கள் அதைப் பார்த்ததும் மட்டுமே இருக்கின்றன. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். ‘என் அன்பு மனைவியே’ என்று தொடங்கினால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று அவளுக்குத் தோன்றிவிடும். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அந்தப் பெயரையே மேலே எழுதுங்கள். எழுதி முடித்ததும் கை நிற்காது. ‘இனிமேல் உன்னைக் கஷ்டப்பட விடமாட்டேன்’ என்று சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். அடுத்த மாதமே சீட்டுப் பணம் கட்ட முடியாமல் போனால் அந்த வரி இருவருக்கும் உறுத்தும்.

இனி வளையல். அதைத்தான் எழுதச் சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம், ஏனென்றால் இரண்டில் பெரியது அதுதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்ததும், அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததும் உங்கள் ஊரில் எல்லா வீட்டையும் உலுக்கியவை. சரம் பின்னிய உங்கள் மனைவிக்குத் தொழிலே கையைவிட்டுப் போன நேரம் அது. அந்த நேரத்தில்தான் உங்கள் அம்மாவுக்காக வளையலைக் கழற்றியிருக்கிறாள், உங்கள் மானத்துக்காக அதை மறைத்துமிருக்கிறாள். நீங்கள் அதைப் பேசாமலே விட்டுவிடக் கூடாது. ஆனால் வாழ்த்தில் எழுதாதீர்கள். இத்தனை வருஷம் மூடி வைத்த ஒன்று உங்களுக்குத் தெரியும் என்பதை அவள் தனியாக இருந்து படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். ‘எப்போது பார்த்தீர்கள், ஏன் சொல்லவில்லை, அத்தைக்குத் தெரியுமா’ என்று உடனே கேட்க அவளுக்கு உங்கள் முகம் எதிரில் வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு ராத்திரி நேரில் சொல்லுங்கள். கல்யாண நாளன்றே சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

கடைசியாக, எதில் எழுதுவது என்பது. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. காலையில் அனுப்பினால் அவள் சாயங்காலம் வேனில் திரும்பும்போதுதான் பார்ப்பாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் எட்டிப் பார்ப்பார். அதனால் தாளில் எழுதிவிடுங்கள். உங்கள் மெஷினருகே வெட்டிப்போட்ட நல்ல தாள் கிடக்குமே, அதில் பாதிப் பக்கம் போதும். அவள் வந்து கைகால் கழுவி உட்கார்ந்த பிறகு கொடுங்கள். அதையே படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்டால், ஊருக்குக் காட்டத்தான் எழுதினீர்களோ என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.