உச்சி வெயிலில் வந்த தலைவலி: ஒரு கதை, ஒரு பாடம்

குற்றாலம் பக்கத்தில் இருப்பதால் நம் ஊரை வெயில் ஒன்றும் செய்யாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கணவாய் வழியாகச் சாரல் வீசத் தொடங்குவது ஜூன் மாதத்தில்தான். அதற்கு முந்தைய மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் அருவியும் வறண்டிருக்கும், தென்காசியும் கொதிக்கும். வீடு கட்டும் வேலை மும்முரமாக நடப்பதும் அப்போதுதான். இந்த இதழில் ஒரு கொத்தனாரின் கதையைப் படிப்போம். கதையில் வருபவர்களுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. இது யாருக்கும் நடக்கலாம்.

குற்றாலம் சாலையில், மேலகரத்தில் ஒரு மாடி வீட்டு வேலை. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவருக்குப் பூச்சு நடக்கிறது. நம் கொத்தனார் தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். விட்ட நாட்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். காலையில் இரண்டு டீ. அதன் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை.

பதினொன்றரை மணிக்கு நெற்றியில் வலி தொடங்கியது. தூக்கம் போதவில்லை, பித்தமாக இருக்கும் என்று நினைத்து மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டரைக்கு, குனிந்து கலவையை அள்ளிவிட்டு நிமிர்ந்தபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கெண்டைக்கால் இழுத்தது, குமட்டலும் வந்தது.

கலவை சுமந்த சித்தாள் அக்கா பார்த்துவிட்டார். "என்ன தம்பி, முகம் வெளிறிப் போச்சு? அப்படியே உக்காருங்க, எந்திரிக்காதீங்க."

"ஒண்ணுமில்லக்கா, லேசா கிறுகிறுப்பு. இந்த ஒரு சுவர முடிச்சிட்டு வாரேன்."

"காலையில இருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

அவர் யோசித்தார். ஒருமுறைதான் போயிருந்தார். அதுவும் கடுங்காப்பி நிறத்தில்.

இங்கே கதையை நிறுத்தி, அவர் உடம்புக்குள் நடந்ததைப் பார்ப்போம். வேலை செய்யும் உடம்பு சூட்டை வெளியேற்றுவது வேர்வையால். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இப்படி வெளியேறுவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்கூட. அதே நேரத்தில் சூட்டை வெளியே கொண்டுவர ரத்தம் தோலை நோக்கி அதிகமாக ஓடுகிறது. தண்ணீர் குறைந்து ரத்தத்தின் அளவும் குறைந்திருக்கும்போது குனிந்து நிமிர்ந்தால், மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் ஒரு நொடி போதாமல் போகிறது. கண் இருட்டுவது அதனால்தான். தலைவலி, தலைசுற்றல், அதிக வேர்வை, குமட்டல், தசை இழுப்பு, அடர்ந்த நிறச் சிறுநீர் ஆகியவை சேர்ந்து வந்தால் அது வெப்பத் தளர்ச்சி. இந்தக் கட்டத்தில் கவனித்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். கவனிக்காமல் விட்டால் அடுத்த கட்டம் வெப்ப மயக்கம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். அது உயிரைப் பறிக்கும்.

இரண்டையும் பிரித்தறிய அக்கா ஒரு எளிய வழியைக் கையாண்டார். "இன்னைக்கு என்ன கிழமை தம்பி? நாம எந்த ஊர்ல வேலை பாக்கோம்? கல்யாணம் யாருக்கு நடந்துச்சு?" என்று கேட்டார். கொத்தனார் தெளிவாகப் பதில் சொன்னார். மூளை சரியாக இருக்கிறது, ஆகவே இது தளர்ச்சிதான். பதில் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, கோபமாகத் திமிறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது ஸ்ட்ரோக் என்றே கொள்ள வேண்டும். தோல் காய்ந்திருந்தால்தான் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உழைத்துக்கொண்டிருக்கும்போது ஸ்ட்ரோக் வந்தவருக்கு வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். நம்ப வேண்டியது பேச்சையும் நினைவையும்தான்.

மேஸ்திரி ஒரு சோடா வாங்கிவரச் சொன்னார். "குடிச்சிட்டு வேலையப் பாருப்பா" என்றார். அக்கா விடவில்லை. தலைசுற்றுபவரைத் தனியாக இறங்கவிட்டால் படியில் விழுவார் என்று, இரண்டு பேர் பிடித்துக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிவந்தார்கள். காற்று வரும் வாசலருகே படுக்கவைத்து, காலுக்குக் கீழே சிமெண்ட் சாக்கை மடித்து வைத்து உயர்த்தினார்கள். சட்டையைக் கழற்றினார்கள். ஈரத் துண்டால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, அட்டையால் விசிறினார்கள். ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் சூடு இறங்கும்.

பக்கத்து மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கி, பொட்டலத்தில் போட்டிருந்தபடி ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைத்தார்கள். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கண் அளவில் கரைக்கக் கூடாது. 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் விற்கிறது, படித்துப் பார்த்துக் கரைக்க வேண்டும். கடை இல்லாத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி வரும் என்பதால் வாய் வாயாகக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அக்கா அதே கேள்விகளைக் கேட்டார்.

முக்கால் மணி நேரத்தில் குமட்டல் நின்றது, தலைவலி குறைந்தது. ஒரு மணி நேரமாகியும் குறையவில்லை என்றாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் தளர்வு இருந்தால் அது வெயில் வேலை அல்ல, காத்திருக்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்களும் சீக்கிரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அவர் பதில் குழறியிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? உடனே 108-க்கு அழைத்து, வண்டி வரும்வரை காத்திராமல் குடம் குடமாக உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

மாலை நான்கு மணிக்கு, "இப்ப ஏறட்டுமா?" என்று கொத்தனார் கேட்டார். அன்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மேஸ்திரி. அதுதான் சரி. ஒருமுறை தளர்ந்த உடம்பு அன்றே வெயிலில் நின்றால் மறுபடியும் விழும்.

உண்மையில் தவறு காலையிலேயே நடந்துவிட்டது. பத்து நாள் நிழலில் இருந்த உடம்பு வெயில் பழக்கத்தை இழந்திருந்தது. அப்படித் திரும்புபவருக்கு முதல் நாள் பாதி வேலை கொடுத்து, நான்காம் நாள்தான் முழு வேலைக்கு வர வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கே போதும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். மாடி வேலையைக் காலையில் முடித்துவிட்டு, நண்பகலில் கீழ்த்தள வேலையைப் பார்க்கலாம். லுஹர் தொழுகைக்கு இறங்கும் நேரத்தையே எல்லோருக்குமான ஓய்வு நேரமாக்கிவிடலாம்.

நோன்பு வைத்து வேலை செய்பவருக்கு இந்த அறிகுறிகள் வந்தால், தயங்காமல் தண்ணீர் கொடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, அந்த நோன்பைப் பிறகு களா செய்துகொள்ளலாம்.

தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெள்ளமும் புயலும் வந்தால் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பேரிடரோ ஒரு மனிதரின் நெற்றிவலியாகத்தான் தொடங்குகிறது. இன்று மாலை உங்கள் வீட்டு உழைப்பாளி திரும்பியதும், அக்கா கேட்ட அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள்: காலையிலிருந்து எத்தனை முறை போனீர்கள், என்ன நிறம்?