ஆறு எழுத்துக்குள் ஒரு நிறம்

கேள்வி: வலைப்பக்கங்களில் ஆரஞ்சு நிறத்தை #FF8C00 என்று எழுதுகிறார்களே, இந்த எழுத்துமுறை எங்கிருந்து வந்தது? சிவப்பு 255, பச்சை 140, நீலம் 0 என்ற எண்களிலிருந்து இதை எப்படிப் பெறுகிறார்கள்?

பதில்: முன்னால் நிற்கும் # குறி வலைக்கும் மூத்தது. 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம், யூனிக்ஸ் கணினிகளின் திரையில் ஜன்னல்களை வரைந்து காட்டிய மென்பொருள். அதில் # போட்டு, பின்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் பதினாறடிமான எண்களை எழுதி நிறத்தைச் சொல்லும் வழக்கம் இருந்தது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவி பக்கத்தின் பின்னணிக்கு நிறம் கொடுக்க வழி செய்தபோது இதே முறையில்தான் எழுதச் சொன்னது. அடுத்த ஆண்டு வெளியான சி.எஸ்.எஸ். முதல் பதிப்பும் அதையே ஏற்றுக்கொண்டது.

பத்து முதல் பதினைந்து வரையிலான மதிப்புகளுக்கு A முதல் F வரையிலான எழுத்துகள் வந்தது வேறொரு கதை. 1952-இல் இயங்கத் தொடங்கிய இலியாக் கணினியில் அவற்றுக்கு K, S, N, J, F, L என்ற எழுத்துகள் இருந்தன. 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 பெருவாரியாகப் பரவியது. அதோடு A முதல் F வரையிலான வரிசையும் ஊன்றிவிட்டது.

இனி கணக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 அளவுகள் உண்டு. 256 என்பது 16 × 16. அதனால் எந்த அளவானாலும் பதினாறடிமானத்தில் இரண்டே இடங்களில் மிச்சமில்லாமல் அடங்கிவிடும். மாற்றுவதற்குப் பதினாறால் வகுத்தால் போதும்: ஈவு முதல் இடத்துக்கு, மீதி இரண்டாம் இடத்துக்கு.

வாசகர் கேட்ட ஆரஞ்சையே எடுத்துக்கொள்ளலாம். 255-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 15, மீதி 15. இரண்டுமே F, ஆகவே FF. 140-ஐ வகுத்தால் ஈவு 8, மீதி 12. பன்னிரண்டுக்கு C, ஆகவே 8C. நீலம் 0 என்பதால் ஈவும் சுழி, மீதியும் சுழி. இங்கே ஒரு சுழியோடு நிறுத்திவிடாமல் 00 என்று இரண்டையும் எழுத வேண்டும். மூன்றையும் சேர்த்தால் #FF8C00.

அந்த முன் சுழியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டின் toString(16), எண்ணை மாற்றிக் கொடுக்கும். முன்னால் சுழி சேர்க்காது. நம் ஆரஞ்சு அதனிடம் போனால் #ff8c0 என்று ஐந்து இலக்கத்தோடு திரும்பும். ஐந்து இலக்க நிறம் சி.எஸ்.எஸ்.ஸில் கிடையாது, உலாவி அந்த வரியையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நிறம் வரவில்லை என்று உடனே தெரிந்துவிடுவதால், உண்மையில் இது நல்ல பிழை.

நிறம் வந்து, அது தவறான நிறமாக இருப்பதே மோசம். ஏறக்குறைய கறுப்பான 10, 5, 12 என்ற மூன்றை எடுத்துக்கொள்வோம். சுழி விடுபட்டால் a, 5, c சேர்ந்து #a5c ஆகிறது. சி.எஸ்.எஸ்.ஸில் மூன்று இலக்கக் குறியீடும் செல்லும். அதன் ஒவ்வொரு இலக்கத்தையும் இரட்டித்து #aa55cc என்று உலாவி படிக்கிறது. அது 170, 85, 204. கருமை இருக்க வேண்டிய இடத்தில் பளிச்சென்று ஊதா வந்து நிற்கும். 0, 8, 128 என்ற கருநீலமோ #0880 ஆகிறது. இன்றைய உலாவிகள் நான்காவது இலக்கத்தை ஒளிபுகாத் தன்மையின் அளவாகக் கொள்வதால், சுழியில் முடியும் இந்த நிறம் முற்றிலும் கண்ணாடி போலாகி மறைந்துவிடும். எங்கும் பிழைச்செய்தி வராது.

இரண்டு இடத்துக்குக் குறைந்தால் முன்னால் சுழி நிரப்பு என்று padStart மூலம் சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது:

```
const hex = n => n.toString(16).padStart(2, "0");
"#" + hex(10) + hex(5) + hex(12)   // #0a050c
```

இலக்கத்தை இரட்டிக்கும் வழக்கத்தை சி.எஸ்.எஸ். எக்ஸிடமிருந்து எடுக்கவில்லை. எக்ஸில் #fff என்றால் ஒவ்வொரு f-க்குப் பின்னும் சுழிகள் நிரம்பும். அது முழு வெள்ளைக்குச் சற்றுக் குறைவு. சி.எஸ்.எஸ். இரட்டித்ததால்தான் #fff அப்பழுக்கற்ற வெள்ளையாகிறது.

நிறம் மாற்றும் நிரலை எழுதுகிறவர் 200, 150, 100 போன்ற பெரிய எண்களை மட்டும் கொடுத்துப் பார்த்தால் சுழி விடுபடுவது கண்ணில் படாது. குறைந்தது 16 இருந்தாலே இரண்டு இலக்கம் தானாக வந்துவிடும். சோதிக்க வேண்டியது 15-ஐயும் அதற்குக் கீழே உள்ளவற்றையும்.