97 விநாடியில் சரிந்த விலை

கேள்வி: ஒரு கோல் விழுந்ததும் பந்தயக்காரர்கள் விலையை உடனே மாற்றுகிறார்களே, எப்படி?
– வாசகர், மாவடிப்பள்ளி

பதில்: 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை எடுங்கள். 79ஆவது நிமிடம், ஆர்ஜென்டினா 2, பிரான்ஸ் 0. கணினி முக்கியமாகப் பார்ப்பது இரண்டை: கோல் வித்தியாசம், மீதி நேரம். ஓர் அணி 90 நிமிடத்துக்குச் சராசரி 1.25 கோல் போடும் என்று வைத்தால், மேலதிக நிமிடங்களோடு எஞ்சியிருப்பதாகக் கொள்ளும் 15 நிமிடத்துக்கு வருவது 0.21. இதன்படி ஆர்ஜென்டினா 90 நிமிட ஆட்டத்திலேயே வெல்லும் வாய்ப்பு சுமார் 98 சதவீதம். பிரான்ஸின் எம்பாப்பே போட்ட பெனால்டிக்குப் பின் அது 84. அடுத்த கோல் 97 விநாடியில். வாய்ப்பு 15க்கு விழுகிறது. ஒரே மாதிரிக் கோல்தான், ஆனால் இரண்டாவது இடித்த இடி எவ்வளவு பெரிது!

84 சதவீதத்துக்கு நியாயமான விலை 100 ரூபாய்க்கு 119. நிறுவனம் தன் இலாபத்தைச் சேர்த்து, வாய்ப்பை 89 போலக் காட்டி, 112தான் கொடுக்கும். பெனால்டி கிடைத்ததுமே பந்தயத்தை மூடிவிடும். திறந்திருக்கும்போதும் உங்கள் பந்தயத்தைச் சில விநாடி தாமதித்தே ஏற்கும். உங்கள் தொலைக்காட்சிக்குப் படம் பிந்தித்தானே வருகிறது!

'பின்தங்கிய அணி வெறியோடு ஆடுமே, கணக்குக்கு அது தெரியுமா?' என்பீர்கள். தெரியும். டிக்சன், ரொபின்சன் என்ற ஆய்வாளர்கள் 1998இலேயே கோல் வேகத்தை ஸ்கோரோடும் நேரத்தோடும் மாறவிட்டார்கள். களைத்த கால்களைத்தான் ஸ்கோர் சொல்லாது. அதற்கு ஆட்டத்தைப் பார்க்கும் ஆள் இன்னும் வேண்டும்.